இரண்டு சுற்று ஓட்டத்துக்கும் முதல் ரெய்டுக்கும் நடுவே

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெண்கள் கபடி அணியில் 12 பேர். மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு, வரிசையில் நிற்கவைத்து எண்ணிக்கை சொல்லி ஸ்ட்ரெச்சிங் செய்யவைத்து, அப்புறம் ஆட்டத்தில் இறக்குகிறேன். அப்படியும் ஆரம்பத்திலேயே யாராவது தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். 20 நிமிடத்தில் வார்ம்-அப்பை எப்படி அமைப்பது?

பதில்: முதல் ரெய்டில் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். பெண்களுக்கான ஆடுகளத்தில் போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4 மீட்டர். அதுவரை குனிந்தபடி பாய்கிறாள், சட்டென்று நிற்கிறாள், காலை நீட்டித் தொடுகிறாள், பின்னோக்கி வந்து திரும்பி ஓடுகிறாள். கால் நீண்டிருக்கும்போதே வேகத்தை அடக்கும் வேலை தொடையின் பின்தசைக்கு வருகிறது. சீரான வேகத்தில் ஓடும் இரண்டு சுற்றில் அந்தத் தசை இதை ஒருமுறைகூடச் செய்யவில்லை. நின்றபடி செய்யும் ஸ்ட்ரெச்சிங்கிலும் செய்யவில்லை. உங்கள் வார்ம்-அப்பில் விடுபட்டிருப்பது இந்த நடுப்பகுதிதான்.

முதல் 5 நிமிடம் பொது அசைவு. மைதானத்தைச் சுற்ற வேண்டாம். ஆடுகளத்தின் நீளத்திலேயே மெல்ல ஓட்டம், பக்கவாட்டு நகர்வு, பின்னோக்கி ஓட்டம். மூச்சு கூடியிருக்க வேண்டும், ஆனால் பக்கத்தில் ஓடுபவளோடு பேச முடிய வேண்டும். அந்த அளவு போதும். வெயிலில் நின்று தோல் சூடாகியிருப்பதை வைத்துத் தசை தயார் என்று எண்ணி இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த 5 நிமிடம் மூட்டுகளுக்கு. நீள அடி வைத்து முட்டியை மடக்கி நடப்பது, காலை முன்னும் பின்னும் வீசுவது, ஒற்றைக் காலில் நிற்பது, தோளையும் மணிக்கட்டையும் சுழற்றுவது. ஒவ்வொன்றும் 6 முதல் 8 முறை. கடைசியில் சின்னதாகக் குதித்து இறங்கச் சொல்லி, முட்டியைக் கவனியுங்கள். வளரும் பெண்களில் பலருக்கு இறங்கும்போது இரண்டு முட்டிகளும் உள்நோக்கிச் சாயும். முட்டிக் காயத்துக்கு அது ஒரு வழி. ‘முட்டி பாத விரல்களுக்கு நேராக இருக்கட்டும்’ என்று ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள். நின்றபடி நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் உடனடிப் பாய்ச்சலின் வேகம் குறைகிறது.

மூன்றாவது 6 நிமிடம்தான் பாலம். எதிராளி இல்லாமல் கபடி அசைவுகள் மட்டும். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு வரை போய், நின்று, காலை நீட்டித் தொட்டு, பின்வாங்கித் திரும்புவது. முதல் இரண்டு முறை பாதி வேகம், அடுத்த இரண்டு முக்கால் வேகம், கடைசி இரண்டு முழு வேகம். வலது காலும் இடது காலும் மாறிமாறி நீள வேண்டும். இங்கே அவசரப்பட்டு முதல் பாய்ச்சலிலேயே முழு வேகம் கொடுத்தால், ஆட்டத்தில் பிடிக்கும் சதை இங்கேயே பிடித்துக்கொள்ளும். 12 பேரும் ஒரே வரிசையில் நின்றால் ஒருத்தி ஓட, மற்றவர்கள் ஆறிப்போவார்கள். நான்கு நான்கு பேராக மூன்று வரிசை போடுங்கள்.

கடைசி 4 நிமிடம் ஜோடியாக. ஒருத்தி நடந்து வர, மற்றவள் கணுக்கால் பிடி போடட்டும். அடுத்து மெல்ல ஓடி வரட்டும். அப்புறம் பாதி வேகத்தில். விழுந்து எழுவதற்கும் உடம்பு இங்கேதான் பழகுகிறது. முடிவில் ரெய்டர்கள் ஆளுக்கு இரண்டு ரெய்டு, பாடிக்கொண்டே, முழு மூச்சாகப் போகட்டும். இரண்டாவது ரெய்டு முதலாவதைவிட மந்தமாக இருந்தாலோ, ஒரு நிமிடம் நடந்தும் மூச்சு அடங்காவிட்டாலோ வார்ம்-அப் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் மூன்றாம் கட்டத்தில் இரண்டு ஓட்டத்தைக் குறையுங்கள்.

மாற்று ஆட்டக்காரர்களும் முழுவதையும் செய்ய வேண்டும். குறுவட்டப் போட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: வார்ம்-அப் முடித்து உட்கார்ந்த பிறகு நம் ஆட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போகும். கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலே சூட்டின் பலனில் பெரும்பகுதி போய்விடும். அப்போது முழு 20 நிமிடத்தையும் திரும்பச் செய்ய வேண்டாம். ஒரு நிமிட ஓட்டம், மூன்று பாய்ச்சல், இரண்டு ஜோடிப் பிடி போதும்.

சரி, இவ்வளவும் செய்து ஒருத்திக்கு மட்டும் அதே இடத்தில் மறுபடி வலித்தால், அது பழைய காயம் ஆறாததாக இருக்கலாம். ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கச் சொல்லுங்கள். வலித்தால் அன்று அவளை ஆட்டத்தில் இறக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். வலிக்காவிட்டாலும் பாதி, முக்கால், முழு என்று மூன்று வேகத்திலும் வலியில்லாமல் ஓடிக் காட்டிய பிறகே ரெய்டுக்கு விடுங்கள்.