ஒரு காதணி விழா வீடியோவும் 11 ஃபிரேமும்

கேள்வி: கல்யாணம், காதுகுத்து வீடியோ எடிட் செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விடியவிடிய உட்கார்ந்து சொன்ன நேரத்துக்குள் சரிசெய்து கொடுத்த அனுபவம் இருந்தால் கதை மாதிரி சொல்லுங்களேன்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எடிட்டராக இருக்கிறேன். குலதெய்வம் கோயிலில் நடந்த ஒரு காதுகுத்து வீடியோவை மறுநாள் காலை ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. குழந்தையின் தாய்மாமன் சிங்கப்பூர் திரும்புகிறார், எட்டு மணிக்குத் திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்துவிடும். படுக்கையில் இருந்ததால் கோயிலுக்கு வர முடியாத அம்மாச்சி, மகன் கிளம்புவதற்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

இரவு பத்து மணிக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது. மொட்டை, சீர்த்தட்டு, பந்தி எல்லாம் அடுக்கிவிட்டேன். காது குத்தும் இடத்துக்கு வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஸ்டாண்டில் நின்ற கேமராவில் சத்தம் அருமையாக இருக்கிறது, படத்தில் வெறும் முதுகுகள். ஆசாரி ஊசியை எடுத்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். மாமன் மடியும் தெரியவில்லை, குழந்தையின் முகமும் தெரியவில்லை. அது இல்லாமல் காதுகுத்து வீடியோ கிடையாது.

குழந்தையின் சித்தப்பா கிட்டத்தில் நின்று செல்போனில் எடுத்தது நினைவுக்கு வந்தது. கூப்பிட்டதும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது படத்தை நசுக்கித்தான் அனுப்பும், டிவியில் போட்டால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமெண்ட்டாக அனுப்பலாம் என்றால் 22 நிமிடப் படம் 2 ஜிபியைத் தாண்டுகிறது, அப்படியும் போகாது. "அண்ணே, சிரமம் பார்க்காம போனையே கொண்டுவந்துருங்க" என்றேன். பதினொன்றரைக்கு பைக்கில் வந்தார். கேபிள் மாட்டி நேராக இறக்கிக்கொண்டேன்.

செல்போனில் படம் நன்றாக இருந்தது. ஆனால் தவில் பக்கத்திலேயே வாசித்ததால் சத்தம் பிசிறிவிட்டது. சரி, படம் செல்போனில் இருந்து, சத்தம் கேமராவில் இருந்து என்று முடிவு செய்தேன். முதல் தவில் அடியை வைத்து இரண்டையும் பொருத்தி, செல்போன் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டேன். தொடக்கம் கச்சிதம். பதினாலாவது நிமிடம் ஊசி காதில் இறங்குகிறது, குழந்தையின் அழுகை முதலில் கேட்கிறது, வாய் அப்புறம் திறக்கிறது. எண்ணிப் பார்த்தால் 11 ஃபிரேம். எங்கள் டைம்லைனில் நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால் கிட்டத்தட்ட அரை நொடி. எண்ணாக எழுதினால் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் அழும் குழந்தையின் முகத்தில் அது தாங்க முடியாத பிழை.

அந்த இடத்தில் வெட்டி 11 ஃபிரேம் நகர்த்தினேன். அழுகை பொருந்தியது. இரண்டு நிமிடம் தள்ளிப் பார்த்தால் இப்போது படம் முந்திக்கொண்டு போகிறது! இங்கேதான் ஒரு மணி நேரம் போனது. இரண்டு கருவிகளின் கடிகாரம் வேறுபட்டால் பிசகு சீராகக் கூடிக்கொண்டே போகும். அப்படியானால் வேகத்தைத் துளி மாற்றினால் போதும், முழுவதும் பொருந்திவிடும். இதிலோ தொடக்கம் சரி, நடுவில் பிசகு, கடைசியில் திரும்பவும் சரி. அணைத்துவைத்த செல்போன் சத்தத்தைத் திரும்பப் போட்டு, இரண்டு அலைவடிவங்களையும் மேலும் கீழுமாக வைத்தேன். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. சத்தத்தில் குற்றமே இல்லை. செல்போன் படம் தன் சொந்தச் சத்தத்தை விட்டே விலகியிருக்கிறது.

ஃபைலின் விவரங்களைக் காட்டும் MediaInfo மென்பொருளில் அதைத் திறந்ததும் காரணம் கண்முன் நின்றது:

```
Frame rate mode : Variable
```

செல்போன் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் எல்லா நேரமும் அப்படி எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், எண்ணிக்கை குறையும். காது குத்தி முடிந்ததும் எல்லோரும் குழந்தைமேல் கவிந்து நின்றார்கள், நிழல் விழுந்தது, அங்கே குறைந்திருக்கிறது. எந்த ஃபிரேம் எந்த நொடியில் வர வேண்டும் என்ற குறிப்பு ஃபைலுக்குள் இருக்கும். போன் அதைப் படித்து ஓட்டுவதால் போனில் பிசகே தெரியாது. எங்கள் எடிட்டிங் மென்பொருள் அதைப் படிக்காமல், சராசரி ஒன்றைப் போட்டு எல்லா ஃபிரேமையும் சம இடைவெளியில் அடுக்கிவிட்டது. முன்பகுதியில் ஃபிரேம் அதிகம் இருந்ததால் படம் பின்தங்கியது, பிற்பகுதியில் குறைந்ததால் எட்டிப் பிடித்துவிட்டது. இதை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய முடியாது. ffmpeg என்ற மென்பொருளில் ஃபைலையே சீரான ஃபிரேமுக்கு மாற்ற வேண்டும்:

```
ffmpeg -i phone.mp4 -fps_mode cfr -r 30 -c:v libx264 -crf 18 -c:a pcm_s16le phone_cfr.mov
```

குறைந்த இடத்தில் முந்தைய ஃபிரேமையே இன்னொரு முறை போட்டு நிரப்பும். அதனால் கை வேகமாக அசையும் இடத்தில் படம் லேசாகத் தட்டித் தட்டிப் போகும், 30-ஐ 25-இல் போடுவதும் அதோடு சேரும். மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது உறுத்தவில்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருபது நிமிடம் ஆனது. சித்தப்பா டீ வாங்கி வந்திருந்தார். புதுப் படத்தை அதே தவில் அடியில் வைத்துப் பதினாலாவது நிமிடத்துக்குப் போனேன். வாயும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வந்துருச்சு தம்பி" என்றார் அவர், நான் சொல்வதற்கு முன்பே.

மூன்று மணிக்கு முழு வீடியோவையும் ஒரே ஃபைலாக ஏற்றுமதி போட்டேன், நாலரைக்கு முடிந்தது. ஒரு மணி நாற்பது நிமிடம், சுமார் 6 ஜிபி. பென் டிரைவில் போட்டால், இடம் இருந்தும் ஏற்க மறுத்தது. அவர்கள் வீட்டு டிவி பழசு, FAT32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மட்டும்தான் படிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. மறுபடி ஏற்றுமதி போட்டால் ஆறு மணிக்குள் நடக்காது. பந்தி தொடங்கும் இடத்தில், 55-ஆவது நிமிடத்தில், இரண்டாகப் பிரித்தேன்:

```
ffmpeg -i full.mp4 -t 00:55:00 -c copy part1.mp4
ffmpeg -ss 00:55:00 -i full.mp4 -c copy part2.mp4
```

`-c copy` என்றால் படத்தைத் திரும்ப உருவாக்காது, அப்படியே நகலெடுக்கும், சில நிமிடம்தான். வெட்டு துல்லியமாக விழாது, இரண்டாம் பாகம் ஓரிரு நொடி முன்னாலேயே தொடங்கலாம். இலை போடும் காட்சி என்பதால் அதை விட்டுவிட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு நானும் சித்தப்பாவின் பைக்கில் ஏறிப் போனேன். டிவியில் ஓடுவதைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. அம்மாச்சியைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள், மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். காது குத்தும் இடம் வந்தது. குழந்தை வீறிட்டது, திரையில் மாமன் அதை மார்போடு அணைத்தார். "புள்ளைக்கு வலிச்சிருக்கும்லப்பா" என்றார் அம்மாச்சி. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவ போடுய்யா" என்றார். பின்னால் நகர்த்தி மறுபடி ஓடவிட்டேன்.