யூடியூப் வியூஸை ஸ்கிரேப் செய்தால் கணக்கு ஏன் உதைக்கிறது?

கேள்வி: 40 சமையல் சேனல்களில் தினமும் எவ்வளவு வியூஸ் கூடுகிறது என்று பார்க்க, அந்தச் சேனல் பக்கங்களைப் பைத்தானில் ஸ்கிரேப் செய்து ஷீட்டில் போட்டு வருகிறேன். முதலில் நன்றாக ஓடியது. இப்போது அடிக்கடி 429 வருகிறது, சில வீடியோக்களுக்கு 0 வியூஸ் என்று விழுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கிற பக்கம்தானே, இதற்கு எதற்கு ஏபிஐ? ப்ராக்ஸி போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ப்ராக்ஸி போட்டால் 429 கொஞ்ச நாளைக்குக் குறையலாம். அந்த 0 போகாது. உங்களுக்கு உண்மையான தலைவலி அந்த 0தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

429 என்பது நேர்மையான பிழை. "ரொம்பக் கேட்கிறாய், நிறுத்து" என்று சர்வரே சொல்லிவிடுகிறது, ஸ்கிரிப்டும் நின்றுவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும். சில சமயம் அதே சர்வர் 200 கொடுத்து, நீங்கள் கேட்ட பக்கத்துக்குப் பதிலாக வேறொன்றை நீட்டும்: "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய லாகின் செய்யுங்கள்" என்ற பக்கம், ஐரோப்பிய ஐபி என்றால் குக்கி சம்மதம் கேட்கும் பக்கம், இல்லையென்றால் சோதனைக்காகச் சிலருக்கு மட்டும் காட்டுகிற புது வடிவப் பக்கம். உங்கள் ஸ்கிரிப்ட் 200ஐப் பார்த்ததும் திருப்தியாகி வியூஸைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, எங்கோ எழுதி வைத்திருக்கும் `or 0` வேலை செய்து ஷீட்டில் 0 ஏறிவிடுகிறது. ப்ராக்ஸி ஐபிகள் பல நாட்டில் இருக்கும் என்பதால், அதைப் போட்டால் இந்த வகைக் கோளாறு கூடத்தான் செய்யும்.

0 விழாத நாட்களின் எண்களையும் அப்படியே நம்ப முடியாது. சேனல் பக்கத்தின் வீடியோ பட்டியலில் வருவது சுருக்கிய எண். ஒரு வீடியோவுக்கு இன்று 12,10,000 வியூஸ், தினமும் 6,000 கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 1.2M என்று இருக்கும். நாளைக்கும் 1.2M, அதற்கு மறுநாளும் 1.2M. உங்கள் ஷீட்டில் பல நாட்களுக்கு வளர்ச்சி பூஜ்யம், அப்புறம் திடீரென ஒரே நாளில் ஒரு லட்சம்! அன்றைக்கு ஏதோ வைரல் ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள், நடந்தது வெறும் தசம மாற்றம். போதாக்குறைக்கு, பக்கத்தின் மொழி மாறினால் M போய் லட்சம் வரலாம், 12 லட்சத்தை உங்கள் கோடு வெறும் 12 என்றே எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

ஒவ்வொரு வீடியோவின் பக்கத்தையும் தனியாகத் திறந்தால் முழு எண் கிடைக்கும்தான். ஆனால் சேனலுக்கு 50 வீடியோ என்றாலே 2,000 பக்கங்கள் ஆகிவிடும், அதுவும் தினமும். அதே வேலையை ஏபிஐயில் செய்தால் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

யூடியூப் டேட்டா ஏபிஐயில் ஒரு ப்ராஜெக்டுக்கு நாளொன்றுக்கு 10,000 யூனிட் இலவசம். சேனல் ஐடி UC என்று தொடங்கும், அதை UU என்று மாற்றினால் அந்தச் சேனலின் அப்லோட் பட்டியலின் ஐடி. `playlistItems.list` ஒரு அழைப்பில் 50 வீடியோ ஐடி தரும், விலை 1 யூனிட். ஆக 40 சேனலுக்கு 40 யூனிட். அப்புறம் `videos.list`, இதிலும் ஒரு அழைப்பில் 50 ஐடி அனுப்பலாம், 2,000 வீடியோவுக்கு 40 அழைப்பு, 40 யூனிட். மொத்தம் 80! மணிக்கொரு முறை ஓட்டினாலும் 1,920தான். `search.list` பக்கம் மட்டும் போகாதீர்கள், அது ஒரு அழைப்புக்கு 100 யூனிட் தின்னும். கோட்டா பத்தவில்லை என்று புலம்புகிறவர்களின் கோடைத் திறந்தால் பெரும்பாலும் அதுதான் உட்கார்ந்திருக்கும்.

```
GET https://www.googleapis.com/youtube/v3/videos?part=statistics&id=ID1,ID2,ID3&key=KEY

"statistics": { "viewCount": "1214386", "likeCount": "20417" }
```

எண் மேற்கோள் குறிக்குள் சரமாக வருகிறது, `int()` போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று: நீக்கப்பட்ட அல்லது பிரைவேட் ஆன வீடியோவுக்குப் பிழை எதுவும் வராது, பதிலில் அது இருக்காது, அவ்வளவுதான். 50 ஐடி கேட்டு 47 வந்தால் எந்த மூன்று இல்லை என்று ஒப்பிட்டு, அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். கோட்டா தீர்ந்தால் 403ம் `quotaExceeded` என்ற காரணமும் வரும். அது பசிபிக் நேரப்படி நள்ளிரவில் புதுப்பிக்கப்படும், அதாவது நமக்கு மதியம் 12:30, அங்கே குளிர்காலம் என்றால் 1:30.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று கணக்கை மாற்றினார்கள். ஏபிஐ ஆவணத்தின் மாற்றப் பட்டியலில் அது தேதியோடு இருக்கிறது, அந்த நாளில் வரைபடக் கோடு ஏன் மேலே எகிறியது என்று உங்களால் சொல்ல முடியும். பக்கத்தின் எச்டிஎம்எல் மாறும்போது யாரும் அறிவிப்பு போட மாட்டார்கள்.

சரி, "எல்லோரும் பார்க்கிற பக்கம்தானே" என்ற வாதத்துக்கு வருவோம். யூடியூபின் விதிமுறையே தானியங்கி முறையில் எடுப்பதைத் தடுக்கிறது. பொதுத் தேடுபொறிகளுக்கும், எழுத்தில் அனுமதி பெற்றவர்களுக்கும்தான் விலக்கு. இதே வாதத்தை அமெரிக்காவில் லிங்க்ட்இன் நிறுவனத்துக்கு எதிராக ஹைக்யூ என்ற நிறுவனம் வைத்தது. பொதுப் பக்கத்தை எடுப்பது ஹேக்கிங் சட்டத்தின் கீழ் வராது என்ற பக்கமே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சாய்ந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், பயனர் ஒப்பந்தத்தை மீறியது மீறியதுதான் என்று கீழ் நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஹைக்யூ 5 லட்சம் டாலர் தீர்ப்புக்கு ஒத்துக்கொண்டு முடித்தது. உங்கள் ஷீட்டுக்காக யாரும் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை. தடைதான் உங்களுக்கு வரும்.

அதில் ஐபி தடை சின்ன விஷயம். மொபைல் நெட்டில் ஒரே ஐபியைப் பலர் பகிர்கிறார்கள் என்பதால் உங்கள் வினையை வேறு யாரோ அனுபவிக்கலாம், அவர்கள் வினையை நீங்களும். கிளவுட் சர்வரிலிருந்து ஓட்டினால் இன்னும் சீக்கிரம் மாட்டுவீர்கள். இந்த இடத்தில்தான் பலர் சொந்த கூகுள் கணக்கின் குக்கியை ஸ்கிரிப்டில் ஒட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதுவரை முகம் தெரியாத ஐபியாக இருந்தவர், அதற்கப்புறம் பெயரோடு மாட்டுகிறீர்கள். தடை விழுவது உங்கள் ஜிமெயில் இருக்கிற கணக்கின்மேல்.

ஏபிஐயும் எல்லாவற்றையும் கொடுத்துவிடாது. சந்தாதாரர் எண்ணிக்கை முதல் மூன்று இலக்கத்தோடு சுருக்கித்தான் வரும், டிஸ்லைக் 2021 டிசம்பரிலிருந்து வீடியோவின் உரிமையாளருக்கு மட்டும்தான், நேற்றைய எண் என்ன என்று பின்னோக்கிக் கேட்கவும் முடியாது. எடுத்த தரவை 30 நாளுக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது, புதுப்பிக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வருடக்கணக்கில் வரைபடம் போடும் எண்ணம் இருந்தால் அந்தப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள். கோட்டாவைப் பெருக்க நாலு ப்ராஜெக்ட் திறந்து சாவியை மாற்றி மாற்றிப் போடுவதும் விதிமீறல்தான், 80 யூனிட் வேலைக்கு அது தேவையும் இல்லை.

இதுவரை சேர்த்த ஷீட்டில் 0 உள்ள வரிகளை அழித்துவிடுங்கள். M, K, லட்சத்திலிருந்து வந்த எண்களை ஏபிஐ எண்களோடு ஒரே பத்தியில் சேர்க்காதீர்கள், சேர்ந்த நாளில் ஒரு பொய்த் தாவல் வரும். அவற்றைத் தனிப் பத்தியில் ஒதுக்கிவிட்டு, ஏபிஐ ஓடத் தொடங்கும் நாளையே முதல் நாளாக வையுங்கள்.