எலும்பு கூடிய பிறகும் கை எரிகிறதே, ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மழையில் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்து நான்கு மாதம் ஆகிறது. எக்ஸ்ரே பார்த்து எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார்கள். ஆனால் கை தீப்பட்டது போல எரிகிறது, வீங்குகிறது, சில நேரம் சிவந்தும் சில நேரம் நீலம் பாய்ந்தும் இருக்கிறது. ஸ்வெட்டர் கை உரசினாலே துடித்துப் போகிறார். விரலை மடக்க முடியவில்லை. கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் கையைப் போட்டு ஓய்வு கொடுக்கலாமா? எண்ணெய் போட்டு நீவலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முழு ஓய்வு இந்தக் கையை இன்னும் இறுக வைக்கும். அழுத்தி நீவினால் எரிச்சல் கூடும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘காம்ப்ளக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்’ என்ற நிலையைத்தான். மருத்துவச் சீட்டில் இதைச் சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். என்று எழுதுவார்கள். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு வருவது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. எலும்பு சரியாகக் கூடியிருப்பதற்கும் இந்த வலிக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. கோளாறு இருப்பது எலும்பில் அல்ல. காயத்துக்குப் பிறகு அந்தக் கையின் நரம்புகளும் ரத்தக்குழாய்களும், அவற்றை ஆளுகிற மூளையும் நடந்துகொள்ளும் முறையில்தான் இருக்கிறது.

எலும்பு முறிந்ததும் அப்பகுதியின் நுண் நரம்புகள் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிவதால்தான் வீக்கமும் சிவப்பும் சூடும் வருகின்றன. இது இயல்பானது, சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு அது அடங்குவதில்லை. நரம்புகள் கூர்மையாகி, மெல்லிய துணி உரசுவதைக்கூட வலியாகவே அனுப்பத் தொடங்குகின்றன. ரத்தக்குழாய்களைச் சுருக்கி விரிக்கிற தானியங்கி நரம்புகளும் தடுமாறுவதால் ஒரே நாளில் கை சிவக்கிறது, நீலம் பாய்கிறது, வியர்க்கிறது. அந்தக் கையை அசைக்காமல் வைத்திருக்க வைத்திருக்க, மூளை அதைத் தன் கணக்கிலிருந்தே மெல்ல விலக்குகிறது. “இது என் கை மாதிரியே இல்லை டாக்டர்” என்று பல நோயாளிகள் சொல்வார்கள். வீட்டில் யாராவது இதை மனப்பிரமை என்று சொல்லியிருந்தால், அப்படிச் சொல்ல வேண்டாம் என்று தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். அம்மாவின் வலி உடலில் நடக்கும் மாற்றத்தால் வருவது.

இதை உறுதிப்படுத்தத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. 2003-இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோலைத்தான் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அது நான்கு வகை மாற்றங்களைப் பார்க்கிறது: தொட்டால் மிகையாக வலிப்பது, நிறமும் வெப்பமும் மாறுவது, வீக்கமும் வியர்வையும், அசைவு குறைவதோடு நகம், முடி, தோல் ஆகியவற்றில் வரும் மாற்றம். முதல் காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலி தொடர வேண்டும். நோயாளி சொல்வதில் மூன்று வகையாவது இருக்க வேண்டும். மருத்துவர் கண்ணாலும் கையாலும் பார்க்கும்போது இரண்டு வகையாவது தெரிய வேண்டும். வேறு எந்த நோயும் இவற்றை இதைவிடப் பொருத்தமாக விளக்கக் கூடாது. உங்கள் அம்மாவின் விவரத்தில் முதல் இரண்டும் தெளிவாக இருக்கின்றன, வீக்கமும் விரல் மடங்காமையும் மற்ற இரண்டையும் நிரப்புகின்றன. மருத்துவர் பார்க்கும் நாளில் கை சற்றுத் தணிந்திருக்கலாம். அதனால் மாறுகிற நேரத்தில் வீட்டிலேயே பதிவு செய்து வையுங்கள். இரண்டு கைகளையும் போர்வைக்கு வெளியே, ஒரே அறையில் கால் மணி நேரம் வைத்துவிட்டு, ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் படம் எடுங்கள். நம் மலையில் காலைக் குளிருக்கு யார் கையும் நீலம் பாயும். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே செய்தி. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபட்டால் மருத்துவர் அதைக் கணக்கில் எடுப்பார்.

அந்தக் கடைசி நிபந்தனையை, அதாவது வேறு நோய் இல்லை என்பதை, அவசரப்பட்டுக் கடந்துவிடக் கூடாது. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு அங்கே ஓடும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து இரவில் எரியும். நரம்புக் கடத்தல் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், அதற்குச் சிகிச்சை வேறு. பிளேட் வைத்தவர்களுக்குக் காய்ச்சலோ சீழோ இருந்தால் முதலில் கிருமித் தொற்றைத்தான் தேட வேண்டும். சி.ஆர்.பி.எஸ்-இல் ரத்தத்தின் அழற்சி அளவுகள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

இதே தொந்தரவு காலில் வந்து இதைப் படிப்பவர்கள் இருந்தால், அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்டநாள் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியும் வலி மட்டும் குறைவாக இருந்தால், உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும். அந்தப் பாதத்தை ஊன்றவே கூடாது. கீழே நான் சொல்லும் ‘பயன்படுத்துங்கள்’ என்ற ஆலோசனை அவர்களுக்குப் பொருந்தாது.

எக்ஸ்ரேயில் எலும்பு ஆங்காங்கே வெளிறித் தெரிந்தால் பயப்படாதீர்கள். பயன்படுத்தாத கையிலும் இந்த நோயிலும் எலும்பின் சுண்ணாம்புச் சத்து குறைவது உண்டு. விரலை அசைத்தால் கூடிய எலும்பு மறுபடி முறிந்துவிடுமோ என்ற அச்சம் நோயாளிகளிடம் பொதுவாக இருக்கிறது. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே உறுதி சொன்ன பிறகு, விரல்களை மென்மையாக அசைப்பதால் அது முறியாது. இந்த நோயில் வலி வருகிறது என்பதாலேயே உள்ளே ஏதோ கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை.

இனி செய்ய வேண்டியது. தொட்டிலை வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். உட்காரும்போது கையைத் தலையணைமேல் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைக்கலாம். தொங்கவிட்டால் வீக்கம் ஏறும். பஞ்சையோ பழைய மெல்லிய வேட்டித் துணியையோ எடுத்து, வலி இல்லாத முழங்கைப் பக்கத்தில் தொடங்கி மெல்ல விரல் பக்கம் வருடிக்கொண்டு வர வேண்டும். வருடுவது அம்மாவாகவே இருக்கட்டும், அவரது கண் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை போதும். அது பழகிய பிறகு துவாலை, அதற்குப் பிறகு கம்பளி. ஸ்வெட்டர் கை உரசுவதைத் தாங்குவதுதான் முதல் இலக்கு. மலையில் இருப்பவருக்கு அது இல்லாமல் முடியாது.

அடுத்தது கண்ணாடிப் பயிற்சி. சுவரில் மாட்டும் சாதாரணக் கண்ணாடி ஒன்றை மேசைமேல் நெடுக்காக, நெஞ்சுக்கு நேராக நிறுத்துங்கள். வலிக்கும் வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது கையின் பிம்பம், வலது கை இருக்க வேண்டிய இடத்தில் தெரிய வேண்டும். இடது கையிலுள்ள வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மூளை அதைத் தன் வலது கையாக ஏற்காது. முதல் சில நாள் வெறுமனே பார்த்தால் போதும். பிறகு இடது விரல்களை மெதுவாக மடக்கி விரிக்க வேண்டும், பின்னால் இருக்கும் கை முடிந்தவரை கூடவே அசையட்டும். பார்க்கும்போதே எரிச்சல் ஏறினால் ஒரு படி கீழே இறங்கி, கைகளின் படங்களைக் காட்டி அது இடதா வலதா என்று சொல்ல வைக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குவார்கள். இதைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் காட்டிக்கொடுப்பது நல்லது.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: பயிற்சியின்போது வலி சற்று ஏறலாம், ஆனால் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம். பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வேறொருவர் விரலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவது கூடவே கூடாது. கடினமான கையைச் ‘சரிசெய்ய’ வீட்டார் அன்போடு செய்யும் இந்தக் காரியம் நிலைமையை மோசமாக்கிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எரிகிற கைக்குக் குளிர்ச்சி தர மனம் துடிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டுபட்டு இதுபோன்ற எரிச்சலால் தவித்த வீரர்கள் ஈரத்துணியும் தண்ணீருமாகவே இருந்ததை 1864-இல் சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஐஸ் வேண்டாம். ஏற்கெனவே தடுமாறும் ரத்தக்குழாய்களை அது மேலும் சுருக்கிவிடும். கரிக் கணப்பில் கையைக் காட்டுவதும் வேண்டாம், உணர்ச்சி பிறழ்ந்த தோல் சுட்டதுகூடத் தெரியாமல் போகும். வெதுவெதுப்பான நீரும் தளர்வான கம்பளிக் கையுறையும் போதும்.

மருந்துகளின் வேலை, கையை அசைக்க முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பது. நரம்பு வலிக்கான காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர் இரவில் தரலாம். தொடக்கக் கட்டத்தில் சூடும் வீக்கமும் மிகுந்திருந்தால் சிறிது காலத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை உதவும். சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்புக்கான பிஸ்பாஸ்போனேட் மருந்துகளும் சிலருக்கு வலியைத் தணிக்கின்றன. வலுவான ஓபியாய்டு மாத்திரைகளை நீண்டநாள் நம்பியிருப்பது பயனற்றது. இரண்டு மாதப் பயிற்சியில் அசைவு கூடவே இல்லை என்றால், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் கோயம்புத்தூரில் மயக்கவியல் நிபுணர்கள் பார்க்கும் வலி சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கழுத்தில் உள்ள நரம்புக் கணுவைச் சுற்றிப் போடும் ஊசி சிலருக்குச் சில நாள் வலியைக் குறைக்கும். அந்த நாட்களில் பயிற்சியைக் கூட்டுவதுதான் அதன் பயன், ஊசி மட்டும் நோயைத் தீர்க்காது.

பெரும்பாலோருக்கு முதல் ஓராண்டில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. சிலருக்கு விறைப்பும் குளிர் தாங்காமையும் மிஞ்சும். தோட்ட வேலைக்குத் திரும்புவதை முழுநாளாகத் தொடங்க வேண்டாம். முதலில் வீட்டில் கீரை ஆய்வது, இரண்டு கையாலும் பாத்திரம் கழுவுவது. அது வலியை ஏற்றாமல் நடந்தால், வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு அரை மணி நேரம் கொழுந்து பறிக்கலாம், பையைத் தூக்காமல். ஒரு வாரம் அது ஒத்துக்கொண்டால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். இப்படிப் படிப்படியான வேலை தேவை என்று மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கங்காணியிடம் கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் வெளியே பார்க்க இந்தக் கை பல நாட்களில் நன்றாகவே தெரியும்.