இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஏன் டிரா?

காரைக்குடியில் நடந்த செஸ் போட்டியில் எனக்கு இரண்டு சிப்பாய் கூடுதல், ஆனால் என் மந்திரியும் எதிரியின் மந்திரியும் வேறு வேறு நிறக் கட்டத்தில். ஏன் ஜெயிக்க முடியவில்லை?

உங்கள் மந்திரியால் எதிரி காவல் காக்கும் நிறத்தைத் தொடவே முடியாது. அந்தக் கட்டங்களில் அவருக்கு ராஜா, மந்திரி என இரண்டு காவலர்கள். உங்களுக்கு ராஜா மட்டும்.

வெள்ளைக்கு d5, e5 சிப்பாய்கள், வெளிர்நிற மந்திரி, e4-இல் ராஜா என்று வையுங்கள். கறுப்பு ராஜா e7, மந்திரி c7. மந்திரி e5-ஐத் தாக்குவதால் வெள்ளை ராஜா அதைவிட்டு நகர முடியாது. d6 தள்ளினால் மந்திரி வெட்டும். ஒரே சிப்பாய்தான் மிஞ்சும், அதுவும் ராஜாவிடம் போய்விடும். e6 தள்ளினால் இன்னும் மோசம்: d6 கட்டத்துக்கு நிரந்தரப் பூட்டு. கறுப்பு மந்திரியை b8, c7 என்று ஆட்டிக்கொண்டே இருக்கலாம்.

இரண்டு சிப்பாயும் ஆறாம் வரிசையை எட்டிவிட்டால் பெரும்பாலும் வெற்றிதான். சிப்பாய்கள் தள்ளித் தள்ளி இருந்தாலும் வாய்ப்பு கூடும். அப்புறம், யானைகள் பலகையில் இருந்தால் கணக்கே வேறு, அவசரப்பட்டு மாற்றிக்கொள்ளாதீர்கள்.