கோஸுக்கு உப்பு: ஸ்பூனில் அளக்காதீர்கள், எடை போடுங்கள்

கேள்வி: முட்டைக்கோஸை நறுக்கி உப்பு பிசிறி ஜாடியில் புளிக்க வைக்கிறேன். ஒரு தடவை உப்புக் கரிக்கிறது, இன்னொரு தடவை கொழகொழவென்று ஆகிவிடுகிறது. எவ்வளவு கோஸுக்கு எவ்வளவு உப்பு? ஒவ்வொரு தடவையும் கோஸின் அளவு மாறுகிறதே, எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: நறுக்கிய கோஸின் எடையில் 2 சதவீதம் உப்பு. வெயில் காலத்தில் 2.5 வரை போகலாம், ஏனென்றால் சூட்டில் வேகமாகப் புளித்து கோஸ் சீக்கிரம் துவண்டுவிடும், கூடுதல் உப்பு அந்த வேகத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். 1.5-க்குக் கீழே இறங்கினால் புளிப்பைத் தரும் நல்ல பாக்டீரியா தலையெடுப்பதற்குள் வேண்டாதவை புகுந்துகொள்ளும், நீங்கள் சொல்லும் கொழகொழப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. 3-ஐத் தாண்டினால் புளிப்பதே மந்தமாகிவிடும், வாயிலும் வைக்க முடியாது.

ஸ்பூனை நம்பவே நம்பாதீர்கள். தூள் உப்பு ஸ்பூனில் நெருக்கமாக உட்காரும், கல்லுப்பில் இடைவெளி நிறைய இருக்கும், அதனால் அதே ஒரு ஸ்பூன் இரண்டு எடை காட்டும். எடை போட்டுவிட்டால் எந்த உப்பானாலும் கணக்கு ஒன்றுதான்.

அடுத்தது, எதை எடை போடுகிறோம் என்பது. முழுக் கோஸை இல்லை. ஒரு கோஸ் 1140 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மேல் இலைகளையும் நடுத்தண்டையும் எடுத்துவிட்டு நறுக்கினால் 870 கிராம்தான் நிற்கிறது. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு, நறுக்கியதை அதில் போட்டு எடை பாருங்கள். 870-ஐ நூறால் வகுத்தால் 8.7, அதை இரட்டிப்பாக்கினால் 17.4 கிராம் உப்பு. முழுக் கோஸுக்குக் கணக்குப் போட்டிருந்தால் 22.8 கிராம் போட்டிருப்பீர்கள், அது உண்மையில் 2.6 சதவீதம். உங்களுக்குக் கரித்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேரட் சேர்த்தால் அதன் எடையும் கணக்கில் வரும். 130 கிராம் கேரட் சேர்த்தால் மொத்தம் 1000, உப்பு 20 கிராம். 2.5 சதவீதம் வேண்டுமென்றால் மொத்த எடையை 40-ஆல் வகுங்கள், அவ்வளவுதான்.

பலரும் கோட்டை விடுவது தண்ணீரில். உப்பு போட்டுப் பிசைந்து அரை மணி நேரம் விட்டால் கோஸே தண்ணீர் விடும், ஜாடியில் அழுத்தி அடைத்ததும் அது கோஸுக்கு மேலே வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்று 150 மில்லி வெறும் தண்ணீரை ஊற்றினால் அந்த 20 கிராம் உப்பு இப்போது 1150 கிராமுக்குப் பங்காகி 1.7 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதனால் ஊற்றும் தண்ணீருக்கும் அதே 2 சதவீதம்: 150 மில்லிக்கு 3 கிராம் உப்பு, நன்றாகக் கரைத்த பிறகு ஊற்றுங்கள்.