ஆளை மாற்றுவதற்கு முன் லைனைப் பாருங்கள்

"மசாலாப் பொடி விநியோகம் செய்கிறேன். இரண்டு சேல்ஸ்மேன்கள், ஆளுக்கு மாதம் 6 லட்சம் டார்கெட். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பார்ப்பவருக்கு 300 கடை, 22-ம் தேதியே முடித்துவிடுகிறார். அடையாறு தொடங்கி சிறுசேரி வரை பார்ப்பவருக்கு 250 கடைதான், ஆனால் 4 லட்சம் தாண்டுவதில்லை. அவரை மாற்றிவிடலாமா?"
- வாசகர், வேளச்சேரி

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கடை எண்ணிக்கையை விட்டுவிட்டு, மாதம் எத்தனை தடவை கடை ஏற வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். பெரிய கடைக்கு வாரம் ஒரு தடவை, சின்னக் கடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் லைனில் 60 பெரிய கடை, 240 சின்னக் கடை என்றால் மாதம் 720 விசிட். தெருவுக்குத் தெரு கடை என்பதால் ஒரு நாளில் 40 கடை பார்க்கலாம், 24 வேலை நாளில் 960 வரும். அதாவது அவருக்கு 240 விசிட் மிச்சம். மற்றவருக்கு 50 பெரிய கடை, 200 சின்னக் கடை, மொத்தம் 600 விசிட். ஆனால் ஓ.எம்.ஆரில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போகவே யு-டர்ன் தேடி வண்டி ஓட்டுகிறவரால் நாளைக்கு 20 கடைக்கு மேல் முடியாது. 480-தான் வரும், 120 விசிட் விட்டுப்போகிறது. விட்டுப்போவது பெரும்பாலும் சின்னக் கடைகள், அங்கே வேறு கம்பெனிப் பொடி தொங்க ஆரம்பித்துவிடும்.

அதனால் அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் 60 சின்னக் கடைகளை மயிலாப்பூர்க்காரரிடம் கொடுங்கள், இரண்டு பேர் கணக்கும் சரியாகிவிடும். என் எண்கள் உத்தேசம்தான், இரண்டு லைனிலும் ஒவ்வொரு நாள் கூடவே போய் உங்கள் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது கடைக்குள் என்ன நடக்கிறது என்றும் கவனியுங்கள். வாசலில் நின்றே "அண்ணாச்சி, ஆர்டர் இருக்கா?" என்றால் "அடுத்த வாரம் பார்க்கலாம்பா" என்றுதான் பதில் வரும். முதலில் சரத்தில் எத்தனை பாக்கெட் மிச்சம் என்று எண்ணிவிட்டு, "சாம்பார் பொடி நாலுதான் இருக்கு, ஞாயிறு தாங்காது, ஒரு டஜன் போடட்டுமா?" என்று கேட்கிறவருக்கு பில் விழும்.

அப்புறம் டார்கெட். இரண்டு பேருக்கும் ஒரே தொகை வேண்டாம். கைமாறிய கடைகளின் கடந்த 6 மாதச் சராசரியைக் கூட்டிக் கழித்து, அதன் மேல் 5 அல்லது 10 சதவீதம் வையுங்கள். 22-ம் தேதி முடிப்பவர் அதற்குப் பிறகு வாங்கும் ஆர்டரை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைக்கிறாரா என்று பில் தேதியைப் பாருங்கள். கூடுதலாக விற்ற மறுமாதமே டார்கெட்டை ஏற்றினால் யாரும் அப்படித்தான் செய்வார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். ஓ.எம்.ஆர். லைனில் மாதக் கடைசி மூன்று நாளில் பில் குவிந்து, அடுத்த மாத முதல் வாரத்தில் ரிட்டர்ன் வந்தால் அவர் டார்கெட்டுக்காகச் சரக்கைத் திணிக்கிறார்.

புது லைனுக்கு மூன்று மாதம் கொடுங்கள். விசிட் எல்லாம் முடிந்தும் பில் விழவில்லை என்றால், அப்போது ஆளைப் பற்றி யோசிக்கலாம்.