சாட்பாட் "அது என் வேலை இல்ல"ன்னு எப்படி சொல்லணும்?

வணக்கம் சார்,

ஒரு பல் கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் புக் பண்ற சாட்பாட் செஞ்சு குடுத்திருக்கேன். மொதல்ல எதைக் கேட்டாலும் பதில் சொல்லிட்டு இருந்துச்சு, கவிதை, வீட்டுப்பாடம் எல்லாம். சரின்னு ப்ராம்ப்ட்ல "பல் மருத்துவம் தவிர வேற எதுக்கும் பதில் சொல்லாதே"ன்னு ஒரு வரி போட்டேன். இப்ப பாதி பேருக்கு "மன்னிக்கவும், என்னால் இதற்கு உதவ முடியாது"ன்னு ஒரே பாட்டு. டாக்டர் "இது ஏன் இவ்ளோ திமிரா பேசுது"ங்கறார். கொஞ்சம் இனிப்பா மாத்தினேன், இப்ப "மழுப்புது"ங்கறார். எப்படித்தான் எழுதறது?

- ஒரு வாசகர்

வணக்கம்.

அந்த ஒரு வரில என்ன செய்யக்கூடாதுன்னு இருக்கு, எதிர்ல நிக்கிற ஆளை என்ன செய்யணும்னு இல்ல. மாடலுக்கு அந்த இடம் காலியா இருந்தா தனக்குப் பழக்கமான மன்னிப்பு வாக்கியத்தை எடுத்து ஒட்டிடும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கு.

அந்த வாக்கியம் ஏன் திமிரா கேக்குதுன்னு பாருங்க. கேட்டவருக்கு தான் கேட்டது தப்பா, இடம் தப்பா, இல்ல மெஷின் பழுதான்னே தெரியாது. அதுக்கு மேல "முடியாது"ங்கறது பொய், சாட்பாட் கவிதை எழுதும்னு இன்னிக்கு எல்லாருக்கும் தெரியும், அப்புறம் முடியாதுன்னா யாரு நம்புவா? இனிப்பு வெர்ஷன் இப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறேன்: "அருமையான கேள்வி! கவிதை மனதுக்கு இதம். அதே போல் பல் ஆரோக்கியமும் முக்கியம்..." இதுல மறுப்புங்கற விஷயமே இல்ல, பேச்சை மட்டும் திருப்பியிருக்கு. மழுப்பல்னு டாக்டர் சொன்னது சரிதான். அதனால மரியாதைக்காக வார்த்தையைக் குழைக்க வேண்டாம், எல்லையை வெளிப்படையா சொல்லிட்டாலே முக்கால்வாசி மரியாதை வந்துடும். "இங்க நான் பாக்கறது அப்பாயின்ட்மென்ட், கிளினிக் நேரம், கட்டணம், சிகிச்சைக்கு அப்புறம் என்ன பண்ணணும்ங்கறது, இவ்ளோதான். கவிதை எழுதறதில்லைங்க. நீங்க கேட்ட செவ்வாய்க்கிழமை புக்கிங் பாதில நிக்குது, தொடரலாமா?" அவ்ளோதான். மன்னிப்பு இல்ல, பாராட்டு இல்ல, "முடியாது" இல்ல, "இங்க செய்யறதில்ல"ன்னு இருக்கு. கடைசில இருக்கற அந்த செவ்வாய்க்கிழமைதான் ரொம்ப முக்கியம். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"ன்னு பொதுவா முடிச்சா கதவைச் சாத்தின மாதிரி இருக்கும், அவர் விட்ட இடத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பி வருவார். இதுக்கு புக்கிங் எந்த நிலைல நிக்குதுன்னு சாட்பாட்டுக்குத் தெரியணும், நடுவுல வேற பேச்சு வந்தவுடனே அதுவரைக்கும் வாங்கின பேரையும் தேதியையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி "வணக்கம், உங்கள் பெயர்?"னு ஆரம்பிக்கக்கூடாது, நிறைய சாட்பாட்ல இந்தக் கூத்து நடக்குது.

இதெல்லாம் வார்த்தை விஷயம். ஆனா உங்களுக்கு "பாதி பேருக்கு" மறுப்பு போகுதுன்னா பிரச்சனை வார்த்தைல மட்டும் இல்ல, எதை வெளி விஷயம்னு பாட் முடிவு பண்ணுதுங்கறதுல இருக்கு. இதைத்தான் நிறைய பேர் பாக்காம விட்டுடறாங்க.

ஒரு உதாரணம் எடுத்து முழுசா பாப்போம். ஒருத்தர் புக் பண்ணி முடிச்சுட்டு "ஆபீஸ்க்கு ஒரு லீவ் லெட்டர் எழுதித் தாயேன்"னு டைப் பண்றார். உங்க வரிப்படி பாத்தா இது பல் மருத்துவம் இல்ல, மறுப்பு போயிடும். கொஞ்சம் யோசிச்சா, அவருக்கு வேண்டியது வியாழக்கிழமை 11 மணிக்கு கிளினிக்ல இருப்பேன்னு ஆபீஸ்ல காட்ட ஏதோ ஒண்ணு. அது உங்ககிட்ட இருக்கு, புக்கிங் கன்ஃபர்மேஷன். அப்ப பதில் இப்படிப் போகலாம்: "லெட்டர் எழுதறது நான் பண்றதில்லைங்க. ஆனா வியாழன் 11 மணி அப்பாயின்ட்மென்ட்டோட கன்ஃபர்மேஷனை மெசேஜா அனுப்பறேன், ஆபீஸ்ல அதைக் காட்டலாம். அனுப்பட்டுமா?" எல்லையும் காப்பாத்தியாச்சு, ஆளும் வெறுங்கையோட போகல. வெளி விஷயம் மாதிரி தெரியற கேள்விகள்ல நிறைய இந்த ரகம்தான், உள்ளுக்குள்ள நம்ம வேலை ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். பாட் மறுக்கறதுக்கு முன்னாடி அதைத் தேடணும்னு ப்ராம்ப்ட்ல எழுதணும், தானா தேடாது.

பக்கத்துல ஒட்டிட்டு இருக்கற கேள்விகளும் அப்படித்தான். "வண்டி நிறுத்த இடம் இருக்கா", "குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா", இதெல்லாம் பல் மருத்துவம் இல்லைதான், ஆனா கிளினிக்குக்கு வரப்போற ஆள் கேக்கற கேள்வி. விவரம் குடுத்து வச்சிருந்தா ஒரு வரில பதில், இல்லேன்னா "அது என்கிட்ட இல்ல, ரிசப்ஷன் நம்பர் இது". "இது என் வேலை இல்ல"ங்கறதும் "இது என் வேலைதான், ஆனா தகவல் என்கிட்ட இல்ல"ங்கறதும் வேற வேற, ரெண்டுக்கும் ஒரே வாக்கியத்தைப் போட்டீங்கன்னா அங்கதான் எரிச்சல் வரும்.

ஒண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி விடக்கூடாது. "முகம் வீங்கிடுச்சு, முழுங்க முடியல, மூச்சு விட கஷ்டமா இருக்கு"ன்னு ஒருத்தர் எழுதினா அது அப்பாயின்ட்மென்ட் பேச்சு இல்ல. பல்லுல வந்த தொற்று பரவி தொண்டைப் பக்கம் வீங்கினா உயிருக்கே ஆபத்து. அதுக்கு "நான் அப்பாயின்ட்மென்ட் மட்டும்தான் பார்ப்பேன்"னு ஒரு பதில் போச்சுன்னா அப்புறம் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கன்னு மொதல் வரிலயே வரணும், ஸ்லாட் பேச்சே எடுக்கக்கூடாது. இந்தப் பதிலோட வாசகத்தை டாக்டரே எழுதிக் குடுக்கட்டும், மாடல் சொந்தமா கோர்க்க வேண்டாம்.

ப்ராம்ப்டை கிட்டத்தட்ட இப்படி மாத்திப் பாருங்க:

```
உன் வேலை: அப்பாயின்ட்மென்ட், கிளினிக் நேரம், கட்டணம், வருகை பற்றிய
கேள்விகள், சிகிச்சைக்குப் பின் கவனிப்பு (கீழே உள்ள தகவலில் இருந்து மட்டும்).
அவசர அறிகுறி இருந்தால்: வேறெதற்கும் முன் அவசர வாசகத்தைக் கொடு.
மற்ற கேள்வி வந்தால்: அதற்குள் உன் வேலை ஏதும் இருக்கிறதா என்று பார்.
இருந்தால் அதைச் செய். இல்லையென்றால் இரண்டு வாக்கியத்துக்குள்,
இங்கே செய்வதில்லை என்று சொல்லி, நின்று போன படிக்குத் திரும்பு.
மன்னிப்பு, பாராட்டு, அறிவுரை வேண்டாம்.
ஒரே செய்தியில் இரண்டு கேள்வி இருந்தால், உன் வேலையை முதலில் முடி.
```

"அரசியல் பேசாதே, சினிமா பேசாதே, ஜோசியம் சொல்லாதே"ன்னு தடைப் பட்டியல் போட வேண்டாம். அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது, போதாக்குறைக்கு சில நேரம் பாட் தானா "நான் அரசியல், சினிமா, ஜோசியம் பேசமாட்டேன்"னு வந்தவர்கிட்ட ஒப்பிக்கும், அவர் பாவம் பல்வலின்னு வந்திருப்பார். எது வேலைங்கறதை சொன்னாப் போதும். மாதிரிப் பதில் குடுத்தா மூணு நாலு விதமா குடுங்க, ஒண்ணே ஒண்ணு குடுத்தா அதையே எழுத்து மாறாம எல்லாருக்கும் சொல்லும். அதே ஆள் மறுபடி மறுபடி வம்புக்கு இழுத்தா பதில் நீளக்கூடாது, குறையணும். மூணாவது தடவை முழு விளக்கம் எதுக்கு, "அது இங்க இல்லைங்க. புக்கிங்கைத் தொடரலாமா?" போதும்.

சிலர் ப்ராம்ப்டை நம்பாம முன்னாடி ஒரு காவல்காரன் வைப்பாங்க, அதாவது வர்ற மெசேஜ் டாபிக்ல இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்கற தனி கிளாசிஃபையர். தப்பில்ல, ஆனா அதுக்கு கடைசி மெசேஜை மட்டும் குடுக்காதீங்க. பாட் "சாயங்காலம் 5.30 சரியா?"ன்னு கேட்டிருக்கும், அவர் "ஆமா, ஆனா மச்சான் கல்யாணம் இருக்கு, அடுத்த வாரம்"னு எழுதுவார். தனியாப் படிச்சா அது கல்யாணப் பேச்சு, கிளாசிஃபையர் வெளியே தள்ளிடும். முன்னாடி நடந்த நாலஞ்சு பேச்சையும் சேத்துக் குடுத்தா இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். உங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருந்து அதுதான் பாதி பேரைத் துரத்துதான்னு லாக்ல பாருங்க, "சரி", "அதே டைம்", "வேணாம் மாத்துங்க" மாதிரி குட்டி மெசேஜ்களுக்கு மறுப்பு போயிருந்தா குற்றவாளி அதுதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இந்த திருப்பி விடறது எல்லாம் நாகரிகத்துக்குத்தான், பூட்டு இல்ல. 2023 டிசம்பர்ல கலிஃபோர்னியால ஒரு ஷெவர்லே டீலரோட சாட்பாட்டை ஜனங்க பைத்தான் கோட் எழுத வச்சாங்க, ஒருத்தர் 1 டாலருக்கு டாஹோ கார் தர சம்மதம்னே சொல்ல வச்சுட்டார். கோட் எழுதினது வெறும் சிரிப்பு, விலைக்குத் தலையாட்டினதுதான் வினை. விலை பேசறது கார் டீலரோட டாபிக்தானே, வெளி விஷயத்தை எவ்ளோ அழகாத் திருப்பி விட்டாலும் அதைத் தடுத்திருக்காது. உங்க பாட்ல கட்டணமும் தள்ளுபடியும் டேட்டாபேஸ்ல இருந்து மட்டும் வரட்டும், மாடல் வாயால ஒரு ரேட் சொல்ற வழியே இருக்கக்கூடாது. அதைப் பண்ணிட்டீங்கன்னா கவிதை ஒண்ணு ரெண்டு நழுவிப் போனா பதற வேண்டியதில்ல, ப்ராம்ப்டை அவ்ளோ இறுக்கவும் வேண்டாம்.

சரியாச்சான்னு எப்படித் தெரியும்? லாக்ல இருந்து நிஜமா ஜனங்க எழுதின மெசேஜ்கள் ஒரு நூறு எடுங்க, எழுத்துப் பிழையோட, தங்கிலீஷோட, அப்படியே. சுத்தமா வெளி விஷயம், பக்கத்து விஷயம், நம்ம வேலை, அவசரம்னு கையால பிரிச்சு வைங்க. பாதில நிக்கற மெசேஜா இருந்தா அதுக்கு முன்னாடி நடந்த பேச்சையும் சேத்தே ஓட்டணும். ப்ராம்ப்டைத் தொடும்போதெல்லாம் நூறையும் ஓட்டி ரெண்டு எண்ணிக்கை எடுங்க: மறுக்க வேண்டியதுல எத்தனை நழுவிச்சு, பதில் சொல்ல வேண்டியதுல எத்தனையை மறுத்துச்சு. ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு ஏறும், ஒரு எண்ணை மட்டும் பாத்துட்டு இருந்தா ஏமாந்துடுவீங்க. ஒரு கிளினிக்குக்கு நான் ரெண்டாவதைத்தான் மொதல்ல குறைப்பேன், கவிதை வாங்கிட்டுப் போனவரால நஷ்டம் இல்ல, பல்வலிக்காரர் போயிட்டார்னா நஷ்டம். அவசரக் குவியலை மட்டும் இந்தக் கணக்குல சேக்காதீங்க, அதுல ஒண்ணு தப்பினாலும் அந்த ப்ராம்ப்டை லைவ்ல விடக்கூடாது.

அப்புறம் மறுப்புப் பதில்களை மட்டும் தனியா எடுத்து டாக்டர்கிட்ட குடுத்து சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு இதைச் சொன்னா ஒத்துப்பீங்களான்னு கேளுங்க. அவர் எங்க முகம் சுளிக்கிறாரோ அந்த வாக்கியத்தை அவரையே அவர் வாயால சொல்லச் சொல்லி அதை மாதிரிப் பதில்ல சேத்துடுங்க.